ஒரு பெயர், ஒரு நிமிடம்: முருகன் பெயர்களுக்கு வீடியோத் தொடர் திட்டமிடுவது எப்படி

சாமி பெயர்களுக்குப் பொருள் சொல்லும் குறு வீடியோத் தொடர் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் கேமராவைத்தான் எடுக்கிறார்கள். நாலு பெயர் வரை வண்டி ஓடும். ஐந்தாவது பெயரில் இரண்டு பேர் இரண்டு பொருள் சொல்வார்கள், எது சரி என்று தெரியாமல் தொடர் அங்கேயே நிற்கும். அதனால் படப்பிடிப்புக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டிய ஒரு அட்டவணையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். எடுத்துக்காட்டுக்கு முருகனையே வைத்துக்கொள்கிறேன். சேலத்துக்காரனுக்கு அது கைக்கு எட்டுகிற சாமி. அம்மாப்பேட்டையில் குமரகிரி, சீலநாயக்கன்பட்டியில் ஊத்துமலை, உடையாப்பட்டியில் கந்தாசிரமம், ஆத்தூர் போகிற வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்றும் ஒரு வேலும் இருக்கும்.

முதல் படி: எத்தனை பெயர் என்று முடிவு செய்யுங்கள்

ஆயிரம் பெயர் ஆசை வேண்டாம். நாளுக்கு ஒன்று போட்டாலும் சகஸ்ரநாமம் முடியக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். நூற்றெட்டும் முதல் முயற்சிக்கு அதிகம்தான். அர்ச்சனை வரிசையில் ஒரே பொருளை வேறு வேறு சொல்லில் சொல்லும் பெயர்கள் நிறைய உண்டு. மயில் வாகனன், சிகி வாகனன் இரண்டும் ஒன்றுதான், சிகி என்றாலும் மயில்தான். வழிபடுகிறவருக்கு அது அழகு. வீடியோ பார்க்கிறவருக்குப் போன வாரம் பார்த்ததையே திரும்பப் பார்ப்பதாகத் தோன்றும்.

நான் 24 என்று வைப்பேன். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் நாளுக்கு ஒன்று, மீதி 18 பெயர்கள் வாரத்துக்கு இரண்டு. அப்படிப் போட்டால் சஷ்டி முடிந்து ஒன்பது வாரத்தில் தொடர் முடிந்துவிடும். சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே பெரும்பாலும் 13, 14 வாரம் இருக்கும். சில வருடம் பத்து வாரத்துக்கும் கொஞ்சம் குறைவாகவே வரும். இரண்டு விதத்திலும் ஒன்பது வாரம் அதற்குள் அடங்கும். காய்ச்சல், மழை, தொண்டைக்கட்டு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்தானே.

இரண்டாம் படி: அட்டவணை

ஒரு நோட்டிலோ கணினியிலோ ஆறு பத்தி போடுங்கள்: பெயர், வகை, ஒரே வரியில் பொருள், அதை யார் சொன்னது, என்ன காட்சி, எந்த மாதத்தில் எடுக்க முடியும். கடைசி இரண்டும் படப்பிடிப்புக்காரரின் வேலை, அப்புறம் பார்க்கலாம். முதல் நான்கில்தான் தொடரின் உயிர் இருக்கிறது.

வகை என்று நான் சொல்வது, அந்தப் பெயர் எதனால் வந்தது என்பதை. பிறந்த கதையால் வந்த பெயர் உண்டு: கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால் கார்த்திகேயன், கங்கை தாங்கியதால் காங்கேயன். கையில் இருப்பதாலோ சூடியதாலோ வந்தவை உண்டு: வேலாயுதன், கடம்பன். நிறத்தாலும் இயல்பாலும் வந்தவை சேயோன், செவ்வேள், குமரன். செயலால் வந்தது தாரகாரி, அதாவது தாரகனுக்குப் பகைவன். உறவால் வந்தது வள்ளி மணாளன். வகை தெரிந்துவிட்டால் வீடியோவின் உருவமும் தெரிந்துவிடும். பிறப்புப் பெயருக்குக் கதை சொல்ல வேண்டும், ஆயுதப் பெயருக்கு அந்தப் பொருளைக் காட்ட வேண்டும், நிறப் பெயருக்குச் சொல்லை விளக்க வேண்டும். மூன்றையும் ஒரே நிமிடத்தில் திணிக்கப் பார்ப்பதுதான் இந்த வகை வீடியோக்களில் அடிக்கடி காண்கிற கோளாறு.

‘யார் சொன்னது’ என்ற பத்தியைக் காலியாக விடக்கூடாது. முருகன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முருகு என்ற தமிழ்ச் சொல்லுக்கு அழகு, இளமை, மணம், தெய்வத்தன்மை என்று பொருள் உண்டு. இது சொற்பொருள். மு என்றால் முகுந்தன், ரு என்றால் ருத்திரன், க என்றால் கமலத்தில் இருக்கும் பிரம்மா, ஆக மூவரும் ஒருவரே முருகன் என்றும் மேடையில் சொல்வார்கள். இது பக்தியில் எழுத்தைப் பிரித்துச் சொல்லும் விளக்கம். இரண்டையும் சொல்லலாம். ஆனால் இரண்டாவதைச் சொல்லிவிட்டு ‘இதுதான் முருகன் என்ற சொல்லின் பொருள்’ என்று முடித்தால் தவறு. பத்தியில் ‘அகராதி’, ‘புராணம்’, ‘மேடை விளக்கம்’ என்று மூன்றில் ஒன்றை எழுதிவிட்டால் பேசும்போது வாய் தானாக ‘என்று புராணம் சொல்கிறது’, ‘என்று பெரியவர்கள் சொல்வார்கள்’ என்று சேர்த்துக்கொள்ளும்.

கந்தன் இன்னும் சிக்கல். ஸ்கந்த என்ற வடசொல்லின் வேர் துள்ளுதல், வெளிப்பட்டுச் சிந்துதல் என்ற பொருளில் வருவது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்த புராணக் கதையில் உமை ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைக்க, அவர்கள் ஒரே திருமேனி ஆகிறார்கள், அதனால் கந்தன். போதாக்குறைக்குக் கந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தூண் என்று பொருள் இருப்பதை வைத்தும் ஒரு விளக்கம் உலாவுகிறது. மூன்றில் எதை எடுப்பது? இந்தத் தொடரில் கந்தன் சஷ்டி வாரத்தில் வருவதால் கதையை எடுப்பேன். மற்ற இரண்டையும் விளக்கக் குறிப்பில் இரண்டு வரியாகப் போட்டுவிடுவேன்.

பெயர்ப் பட்டியலில் பதுங்கியிருக்கும் பொறிகள்

அர்ச்சனைப் புத்தகத்திலிருந்து பெயர் எடுப்பவர்கள் ‘ஸ்கந்தாய நமஹ, குஹாய நமஹ, ஷண்முகாய நமஹ’ என்பதைப் பார்த்து ‘குஹாய என்ற பெயருக்குப் பொருள்’ என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். ஆய என்பது நமக்குத் தமிழில் ‘கு’ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. குகனுக்கு வணக்கம் என்று அர்த்தம். அதை நீக்கிவிட்டுக் குகன் என்று எழுதுங்கள். எல்லாப் பெயரும் ஆய என்று முடியாது, ‘ப்ரபவே’ என்பது பிரபுவுக்கு. அதே வரிசையில் நான்காவதாக வருவது ‘பாலநேத்ர சுதாய’. தமிழ் எழுத்தில் படித்தால் பாலன் நினைவுக்கு வரும். அங்கே குழந்தை இல்லை, அந்தச் சொல் நெற்றியைக் குறிக்கிறது. நெற்றிக்கண் உடையவரின் மகன் என்பதுதான் பெயர். தமிழில் ஒரே ப இருப்பதால் வரும் குழப்பம் இது. வடமொழி எழுத்தில் அச்சான புத்தகம் ஒன்றையும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்ப் பெயரிலும் பொறி உண்டு. குறிஞ்சிக்கிழவன் என்று தலைப்புப் போட்டால் ‘முருகன் எப்படிக் கிழவன் ஆவான்?’ என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கிழவன் என்றால் உரியவன், குறிஞ்சி நிலத்துக்கு உரியவன். அந்தக் கேள்வியையே வீடியோவின் முதல் வரியாக வைத்துவிடலாம். வேலன் என்பதில் வேறு மாதிரி கவனம் வேண்டும். சங்கப் பாடல்களில் வேலன் என்றால் பெரும்பாலும் வெறியாடும் பூசாரி, வேல் ஏந்தி முருகனுக்காக ஆடுகிறவன். பிற்காலத்தில்தான் அது சாமியின் பெயராகவே நிலைத்தது. சங்கப் பாட்டில் வேலன் வருகிற வரியைத் தேடி எடுத்து ‘பாருங்கள், முருகனைப் பாடியிருக்கிறார்கள்’ என்று போட்டால் தமிழாசிரியர்கள் விடமாட்டார்கள். தேவசேனாபதி இரட்டைப் பெயர். தேவர் படைக்குத் தலைவன் என்றும் படிக்கலாம், தேவசேனையின் கணவன் என்றும் படிக்கலாம். இதில் இரண்டையும் சொல்லலாம், ஏனென்றால் அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயரின் சுவை.

மூன்றாம் படி: வரிசை

சஷ்டியின் ஆறு நாளுக்கும் கதையே வரிசை கொடுக்கிறது. சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த பொறிகள் கங்கை வழியாகச் சரவணப் பொய்கைக்கு வருகின்றன, முதல் நாள் சரவணபவன். சரவணம் என்றால் நாணல் காடு, பவன் என்றால் தோன்றியவன். இரண்டாம் நாள் கார்த்திகேயன். மூன்றாம் நாள் உமை சேர்த்து அணைக்கிறாள், கந்தன். அதன்பின் ஆறுமுகன். ஐந்தாம் நாள் அம்மை வேல் கொடுக்கிறாள், வேலாயுதன். ஆறாம் நாள் சூரசம்ஹாரம். மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல் ஆகின்றன. அன்றைக்குச் சேவற்கொடியோன். ஒவ்வொரு வீடியோவும் தனியாகவும் நிற்கும், சேர்த்துப் பார்த்தால் கதையும் முடியும்.

மீதிப் பதினெட்டில் தமிழ்ப் பெயர் ஒன்று, வடமொழிப் பெயர் ஒன்று என்று வாரத்துக்கு இரண்டாகக் கோத்துவிடலாம். சேயோன், குகன், கடம்பன், சுப்பிரமணியன், செவ்வேள், சுவாமிநாதன் என்று போகும். கடைசிப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தைப்பூசத்தன்று தண்டாயுதபாணியைப் போடுங்கள். தண்டம் என்ற ஆயுதத்தைப் பாணியில், அதாவது கையில், வைத்திருப்பவன். பழனியில் இருப்பவரும் அவர்தான், நம் குமரகிரியில் இருப்பவரும் அவர்தான். எடப்பாடிப் பக்கத்திலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தை அந்தச் சமயத்தில் சேலம் மாவட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: ஒரு பெயரை முழுதாக எழுதிப் பார்ப்பது

கடம்பனை எடுத்துக்கொள்வோம். வகை: சூடியதால் வந்த பெயர். ஒரு வரிப் பொருள்: கடம்பு மாலை சூடியவன். யார் சொன்னது: பத்துப்பாட்டில் முதலாவதாக வைக்கப்பட்ட திருமுருகாற்றுப்படை, தொடக்கப் பகுதியிலேயே முருகன் மார்பில் புரளும் மாலையை ‘உருள்பூந் தண்டார்’ என்கிறது. மரத்தை அங்கே மராஅம் என்று சொல்கிறது, அது கடம்பைக் குறிக்கும்.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் போகும். உங்கள் வேகத்தைக் கைபேசியில் ஒருமுறை படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். படம் காட்டி நிறுத்த இடம் வேண்டும், அதனால் ஒரு நிமிட வீடியோவுக்கு 50 முதல் 75 சொல்லுக்குள் எழுதுவது நல்லது. யூடியூபில் குறு வீடியோவின் உச்ச அளவை 2024 அக்டோபரில் மூன்று நிமிடமாக உயர்த்திவிட்டார்கள். இருந்தாலும் ஒரு பெயருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் நாம் இரண்டாவது கதைக்குப் போய்விடுவோம். எழுத்து இப்படி வரும்:

> முருகனுக்குக் கடம்பன் என்று ஒரு பெயர் உண்டு. மரத்தின் பெயரை ஏன் சாமிக்கு வைத்தார்கள்?
>
> இது கடம்பம் பூ. உருண்டையாக இருக்கிறது, பாருங்கள்.
>
> திருமுருகாற்றுப்படை, முருகன் மார்பில் ஒரு மாலை புரள்வதாகச் சொல்கிறது. அதன் பெயர் ‘உருள்பூந் தண்டார்’. உருள் என்றால் தேர்ச் சக்கரம். தார் என்றால் மாலை. தண் என்றால் குளிர்ச்சி.
>
> கிளை அடர்ந்து, கீழே இருட்டிக் கிடக்கும் மரம். அதில் பூத்த வட்டப் பூக்களைக் கோத்த குளிர்ந்த மாலை.
>
> அந்தக் கடம்பைச் சூடியவன், கடம்பன்.

பெயரைக் கேள்வியோடு தொடங்கிப் பெயரிலேயே முடித்திருக்கிறேன். நடுவில் வருவது ஒரே ஒரு சான்று. இன்னொன்று சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். குறிப்பாகக் கடம்பவனம் என்பது மதுரைக்குப் பெயர், மீனாட்சியம்மன் கோயிலின் தல மரம் கடம்பு. அதை இங்கே நுழைத்தால் கேட்பவர் மனதில் அம்மனும் முருகனும் கலந்துவிடுவார்கள்.

காட்சிப் பத்தியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடம்பு என்று தேடினால் இரண்டு விதப் பூ வரும். ஒன்று மஞ்சளும் ஆரஞ்சுமான பந்துப் பூ. இன்னொன்று செங்கடம்பு, சிவப்பாகச் சரம் சரமாகத் தொங்கும். எது பழந்தமிழ்க் கடம்பு என்று உரைகாரர்களும் தாவரவியல்காரர்களும் பேசிக்கொள்ளட்டும். நம் வரியில் உருண்டை வந்துவிட்டதால் திரையில் பந்துப் பூதான் வர வேண்டும். வாய் வட்டம் என்று சொல்லும்போது படத்தில் சரம் தொங்கினால் பார்ப்பவர் நம்ப மாட்டார். இன்னொரு மரமும் உண்டு என்பதை விளக்கக் குறிப்பில் ஒரு வரி போட்டால் போதும்.

ஐந்தாம் படி: எந்த மாதம், எந்த இடம்

சஷ்டி ஐப்பசி வளர்பிறையில் தொடங்கும். அப்போது வடகிழக்கு மழை இறங்கியிருக்கும். ஏற்காட்டில் காலையில் வெயில் இருந்தாலும் மத்தியானத்துக்குள் மூடுபனி வந்து எதிரே இருக்கும் மலையை மறைத்துவிடும். எனவே மலைக்காட்சி எல்லாவற்றையும் பங்குனி, சித்திரையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சேயோன் பெயருக்குத் தொல்காப்பியத்தின் ‘சேயோன் மேய மைவரை உலகம்’ என்ற தொடரைத்தான் வைக்க வேண்டியிருக்கும். மைவரை என்றால் மேகம் தங்கும் மலை. அதற்குச் சேர்வராயன் மலை முகட்டில் கருமேகம் கவிந்த காலைக் காட்சி ஒன்று வேண்டும், இது ஒன்றுக்கு மட்டும் மழைக்காலம்தான் சரி. மே மாதக் கோடை விழா சமயத்தில் போகாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் வண்டியாக நிற்கும்.

கடம்பு மழைக்காலத்தில் பூக்கும், நாணல் புரட்டாசி வாக்கில் வெள்ளையாக நிற்கும். ஆகவே ‘எந்த மாதம்’ என்ற பத்தியை நிரப்பினால் பங்குனியில் எடுக்கவே முடியாத இரண்டு மூன்று பெயர் தனியாகத் தெரியும். சரவணபவனுக்கு நாணல் வேண்டும் என்றால் பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக் கரையில் தேடலாம். சஷ்டிக்கு முன்னால் கிடைப்பது அந்தச் சில வாரம்தான்.

குகன் என்ற பெயருக்குக் குகை காட்ட ஆசை வரும். குகை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான், உள்ளம் என்கிற குகையில் இருப்பவன் என்று விளக்குவார்கள். ஏற்காட்டில் குகை என்றதும் மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அங்கே இருப்பவர்கள் சேர்வராயனும் காவேரியம்மனும். மலைவாழ் மக்களின் தெய்வம் அது. அந்தப் படத்தைப் போட்டுக் குகன் என்று சொன்னால் அங்கே கும்பிடுகிற யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கோயில் இல்லாத ஒரு பாறை இடுக்கும், அதில் ஒரு அகல் விளக்கும் போதும்.

கோயிலுக்குள் கைபேசி எடுத்துப் போகத் தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தடை சொல்லியிருக்கிறது. மூலவரைப் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கோபுரம், படி, மலையடிவாரம் ஆகியவற்றுக்கும் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பூசை இல்லாத நேரம் பார்த்து எடுங்கள்.

மலையில் குரலைப் பதிவு செய்ய வேண்டாம். காற்று மைக்கில் அறையும், காதில் கேட்காததுகூடப் பதிவில் இரையும். படத்தை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, குரலை வீட்டில் மெத்தையும் துணியும் நிறைந்த அறையில் பதிவு செய்யுங்கள். 24 பெயருக்கும் குரல் இரண்டு மூன்று அமர்வில் முடிந்துவிட்டால் தொடர் முழுக்க ஒரே தொனி இருக்கும்.

பின்னணிக்குப் பிரபலமான கவசப் பாட்டின் பதிவைப் போடாதீர்கள். பாட்டு பழையது என்றாலும் அந்தப் பதிவுக்கு உரிமையாளர் உண்டு. யூடியூபில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகும் குறு வீடியோவில் உரிமைக் கோரிக்கை விழுந்தால் வீடியோவே முடங்கிவிடும். தம்புராவோ மணியோசையோ நீங்களே பதிவு செய்தது போதும்.

ஆறாம் படி: திரையில் எழுத்து

நெட்டுப் படம், 1080க்கு 1920. கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்கள் மறைக்கும். பெயரை நடுவுக்குச் சற்று மேலே பெரிதாக வையுங்கள். ‘தேவசேனாபதி’ போன்ற பெயர் ஒரு வரியில் அடங்காவிட்டால் தேவசேனா / பதி என்று பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள். மென்பொருள் தானாக உடைத்தால் ‘தேவசே / னாபதி’ ஆகும். தானியங்கி வசனம் பெயர்களில்தான் அதிகம் தடுமாறும், நீங்கள் எழுதிய உரையையே வசனமாக ஏற்றிவிடுங்கள்.

ஏழாம் படி: இரண்டு பேரிடம் காட்டுவது

யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக வேறு கோப்பை மாற்றி வைக்க முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் பார்த்தவர் எண்ணிக்கை, கருத்துகள் எல்லாம் போய்விடும். சஷ்டி நாளில் அதற்கு நேரமும் இருக்காது. அதனால் முதல் ஆறையாவது முன்கூட்டியே இரண்டு பேருக்குக் காட்டுங்கள். ஒருவர் வழிபாட்டில் ஊறிய பெரியவர், ஒருவர் பள்ளிப் பிள்ளை. பார்த்து முடித்ததும் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க’ என்று கேளுங்கள். பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் உரை சரி. கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் பொருளை விட்டுவிட்டால் கதையைக் குறைக்க வேண்டும்.

பெரியவர் சொல்வது வேறு வகை. கடம்பன் வீடியோவைப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, “ஏன் சாமி, இது பூ சரி, மாலையை எங்கடா காட்டின?” என்று கேட்டார். நியாயம்தான். மாலை சூடியவன் என்று சொல்லிவிட்டு ஒற்றைப் பூவோடு நிறுத்தியிருந்தோம். கடைசி வரிக்கு வேலின் மேல் சாத்திய ஒரு பூமாலையை நான்கு விநாடி சேர்த்தோம். உரையில் ஒரு சொல்லும் மாறவில்லை.